சிங்கள பௌத்த மரண வீடு: முதல் நாள் முதல் மூன்றாம் மாத தானம் வரை செய்ய வேண்டியவை

இலங்கையில் சிங்கள பௌத்தக் குடும்பம் ஒன்றில் திருமணம் செய்திருக்கும் தமிழர்களுக்கும், அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அயலவராகவோ அலுவலக நண்பராகவோ இருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. என் மனைவியின் தாயார் கம்பஹா மாவட்டத்தில் அவர்களுடைய வீட்டிலேயே காலமானார். மனைவியின் ஒரே சகோதரர் அப்போது வெளிநாட்டில் இருந்ததால், வேலைகளில் பெரும்பகுதி என் தலையில் விழுந்தது. எதை முதலில் செய்வது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்து கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். ஊருக்கு ஊர், விகாரைக்கு விகாரை சிறு வேறுபாடுகள் உண்டு. கண்டிப் பக்கத்து வழக்கமும் தென்பகுதி வழக்கமும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் அடிப்படை ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரியங்கள் எல்லாவற்றையும் நகர்த்துபவை இரண்டு நேரங்கள். ஒன்று, தகனசாலையில் உங்களுக்குக் கொடுக்கப்படும் நேரம். மற்றது, பிக்குமார் உணவருந்தி முடிக்க வேண்டிய நண்பகல் எல்லை. பந்தல், கதிரை, பூ, சாப்பாடு ஆகிய எல்லாவற்றையும் இந்த இரண்டையும் நிச்சயித்த பிறகே பேச வேண்டும்.

1. முதல் சில மணி நேரம்: பத்திரங்கள்

மரணம் மருத்துவமனையில் நிகழ்ந்தால் வேலை எளிது. மரணத்துக்கான காரணத்தை மருத்துவர் எழுதித் தருவார், பதிவும் பெரும்பாலும் மருத்துவமனையின் வழியாகவே நடந்துவிடும். வீட்டில் நிகழ்ந்தால், இறந்தவருக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவரிடமிருந்து மரண காரணச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு, அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து அவருடைய அறிக்கையையும் வாங்க வேண்டும். இவற்றைக் கொண்டு, மரணம் நிகழ்ந்த பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். இறந்தவர் நிரந்தரமாக வாழ்ந்த ஊர் எதுவாக இருந்தாலும், பதிவு நடப்பது மரணம் நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான். கொழும்பில் மகள் வீட்டில் காலமான ஒருவரைக் குருணாகலில் உள்ள சொந்த ஊருக்குக் கொண்டு செல்பவர்கள், கொழும்பிலேயே இந்த வேலையை முடித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

மருத்துவர் எவரும் அண்மையில் பார்த்திராத திடீர் மரணமாக இருந்தாலோ, விபத்தாக இருந்தாலோ, திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்காமல் உடலை எங்கும் நகர்த்தக் கூடாது. அவசரத்தில் மலர்ச்சாலைக்காரரை முதலில் அழைத்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நேரும் சிக்கல். பத்திரம் இல்லாமல் பொறுப்பான மலர்ச்சாலை எதுவும் உடலைப் பதப்படுத்தாது. விசாரணை, பிரேத பரிசோதனை என்று போனால் ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கலாம் என்பதைக் கணக்கில் கொண்ட பிறகே இறுதிக்கிரியை நாளை அறிவியுங்கள்.

பதிவாளரிடம் செல்லும்போது இறந்தவரின் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இறந்தவருடைய பெற்றோரின் முழுப் பெயரும் பிறந்த இடமும் கேட்கப்படும். எண்பது வயதுத் தாயின் தந்தைக்கு முழுப்பெயர் என்ன என்று அந்தக் காலைப்பொழுதில் வீட்டில் ஒருவருக்கும் நினைவு வராது. சிங்களப் பெயர்களில் முன்னால் வரும் வாசகமப் பெயர் நீளமானது. அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் காணி உறுதியில் வேறு மாதிரியும் இருந்தால், எது பதிவாகிறது என்பதைக் கையொப்பமிடும் முன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிற்பாடு வங்கியிலும் காணிப் பதிவிலும் திருத்தம் கேட்டு அலைவதைவிட அங்கே ஐந்து நிமிடம் நிற்பது மேல். சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. விகாரைக்குச் செல்லுதல், நாளையும் நேரத்தையும் நிச்சயித்தல்

பத்திரம் ஒருபுறம் நடக்கும்போதே, குடும்பத்தின் பன்சலைக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். தொலைபேசியில் செய்தியைச் சொல்லலாம், ஆனால் முறையான அழைப்பை நேரில் சென்று, வெற்றிலைத் தட்டு வைத்து வணங்கியே விடுக்கிறார்கள். மருமகனோ மகனோ சென்றால் போதும். பௌத்தர் அல்லாதவர் என்றால், ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். விகாராதிபதியை ‘ஹாமுதுருவனே’ என்று விளிப்பதும், அவர் அமர்ந்திருக்கும்போது அவரைவிடத் தாழ்வான இடத்தில் அமர்வதும், காலணியை வெளியே கழற்றிவிடுவதும் அங்கே எதிர்பார்க்கப்படும் மரியாதைகள்.

அன்றைய சந்திப்பிலேயே நான்கு விடயங்களைக் கேட்டுவிடுங்கள்: இறுதிக்கிரியை நாளில் எத்தனை பிக்குமார் வருவார்கள், எத்தனை மணிக்கு வர இயலும், ஆறாம் நாள் இரவு ‘பண’ எனப்படும் பௌத்த உபதேசத்துக்கு யார் வருவார், பிக்குமாருக்கு உணவளிக்கும் ஏழாம் நாள் தானத்துக்கு அந்த விகாரையால் வர முடியுமா. இறுதிக்கிரியைக்கு அடுத்த நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஏழாம் நாளை வேறொரு குடும்பம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கலாம். குடும்பம் பல விகாரைகளோடு தொடர்புடையதென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சென்று அழைக்க வேண்டும். ஒரு விகாராதிபதியிடம் சொல்லி மற்றவரையும் அழைத்து வரச் சொல்வது முறையல்ல.

நாளைத் தெரிவு செய்வதில் செவ்வாய்க்கிழமையைப் பலரும் தவிர்க்கிறார்கள், சிலர் வெள்ளியையும் தவிர்க்கிறார்கள். இது பௌத்த போதனையைச் சார்ந்ததல்ல, ஊர் வழக்கம். எனினும் வீட்டிலுள்ள மூத்த பெண்களைக் கேட்காமல் இந்த நாட்களில் வைத்துவிட்டால் வருடக்கணக்காகப் பேச்சு கேட்க நேரும்.

பிக்குமாரின் நேரம் தெரிந்தவுடன் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் தகனசாலைக்குப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். வீட்டில் நடக்கும் சமய நிகழ்வுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டாலும், அதன் பின் வரும் இரங்கல் உரைகள் நீளும். அரசியல்வாதி ஒருவர் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

3. மரண வீடு: இரண்டு மூன்று நாட்கள்

பதப்படுத்திய உடலைப் பெட்டியில் வைத்து வீட்டின் முன்கூடத்தில் கிடத்துவார்கள். இறுதிக்கிரியை வரை உடலைத் தனியே விடுவதில்லை. இரவு முழுவதும் விளக்குகள் எரியும், யாராவது விழித்திருப்பார்கள். முற்றத்துப் பந்தலின் கீழ் ஊர் இளைஞர்கள் கரம் விளையாடிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருப்பதைக் கண்டு நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அது அவமரியாதை அல்ல. அவர்கள் தூங்காமல் துணை இருக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் தேநீரும் பிஸ்கட்டும் வெற்றிலையும் தீராமல் பார்த்துக்கொள்வதே வீட்டாரின் கடமை.

பந்தல், கதிரை, கோப்பை, தேநீர்ப் பாத்திரம் போன்றவற்றைக் கூலிக்கு எடுக்கும் முன், இறந்தவர் ஊரின் மரண உதவிச் சங்கத்தில் உறுப்பினரா என்று விசாரியுங்கள். மாதந்தோறும் சிறு தொகை கட்டிவந்த குடும்பங்களுக்குச் சங்கமே இவற்றைக் கொண்டுவந்து இறக்கும், வழமையான பணமும் தரும், வீதியோரம் வெள்ளைக் கொடிகள் கட்டுவதற்கும் சுடலையில் வேலை செய்வதற்கும் ஆட்களையும் அனுப்பும். என் மாமியார் பெயரில் அப்படி ஓர் உறுப்புரிமை இருப்பதை அலுமாரியில் கிடந்த சிறு பற்றுப் புத்தகத்தைக் கண்ட பிறகே நாங்கள் அறிந்தோம்.

உடல் வீட்டில் இருக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவருவார்கள். அதை ஏற்றுக்கொள்வதே மரியாதை, கடையில் வாங்கிச் சமாளிக்கிறோம் என்று மறுத்துவிடாதீர்கள். யார் எதைக் கொண்டுவந்தார்கள், யாருடைய பாத்திரம் எது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைக்க ஒரு பிள்ளையை அமர்த்துங்கள். அந்த வீடுகளில் ஒரு துக்கம் நேரும்போது திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும்.

செலவில் மிகப் பெரியது மலர்ச்சாலையின் பட்டியல்தான். பெட்டி, பதப்படுத்தல், ஊர்தி, பூ அலங்காரம் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றின் விலையையும் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். பெட்டியைத் தெரிவு செய்யும் வேலையைத் துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் மகளிடம் விடாமல், உறவில் சற்றுத் தள்ளியிருக்கும் ஒருவரிடம் கொடுப்பது நல்லது. எரிவாயுத் தகனத்துக்கு எந்த அளவுக்கு மேற்பட்ட பெட்டி உள்ளே போகாது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மரண வீட்டுக்குச் செல்பவர்கள் அணிய வேண்டியது, கொண்டு செல்ல வேண்டியது

வெள்ளை உடுத்துங்கள். பெண்களுக்கு வெள்ளைச் சேலையோ வெள்ளைச் சட்டையும் நீண்ட பாவாடையுமோ, ஆண்களுக்கு வெள்ளைச் சட்டையும் சாரம் அல்லது கருநிறக் காற்சட்டையுமோ பொருத்தமானவை. அலுவலகத்திலிருந்து நேராகச் செல்ல நேர்ந்தால் வெளிர் நிற உடை போதும், அதற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சிவப்பு, மஞ்சள், பளபளக்கும் சரிகை, கனமான நகை, தலை நிறையப் பூ ஆகியவை வேண்டாம். துக்கத்துக்குக் கறுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கொழும்பில் அதையும் காணலாம், ஆனால் பௌத்த வீட்டில் வெள்ளையே பழுதற்றது. பொட்டைக் கழுவிக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை.

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு நேராக உடலருகே சென்று, கைகூப்பி ஒரு நிமிடம் நின்றால் போதும். பிறகு குடும்பத்தாரிடம் சென்று கைகளைப் பிடித்துக்கொண்டு ஓரிரு சொல் பேசலாம், எதுவும் பேசாமலும் இருக்கலாம். சிங்களம் தெரியாது என்ற கவலை இங்கே தேவையற்றது. பந்தலில் அமர்ந்து, கொடுக்கும் பானத்தை வாங்கிக் குடித்து, அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். நம் மரண வீடுகளில் சொல்லிக்கொண்டு புறப்படாதது போலவே அங்கேயும் விடைபெறாமல் வந்துவிடலாம். வீடு திரும்பியதும் குளிப்பதும் நம் வழக்கம் போன்றதே, இடையில் வேறொரு வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

கையில் என்ன கொண்டு போவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரவு விழித்திருப்பவர்களுக்குப் பயன்படும் சீனி, தேயிலை, பிஸ்கட், வெற்றிலை பாக்கு ஆகியவை எப்போதும் உதவும். நெருங்கிய அயலவர் என்றால், எந்த வேளைச் சாப்பாடு இன்னும் ஒருவரும் பொறுப்பேற்காமல் இருக்கிறது என்று கேட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக நண்பர்கள் சேர்ந்து ஒரு மலர்வளையம் வைப்பதுண்டு, ஆனால் அறிவித்தலில் மலர்வளையங்களைத் தவிர்க்கும்படி குடும்பம் கேட்டிருந்தால் அதை மீற வேண்டாம். பணத்தை உறையில் இட்டு, பெயரெழுதி, குடும்பத்தில் பொறுப்பாக நிற்பவரிடம் கொடுங்கள். என் அனுபவத்தில், பத்து மலர்வளையங்களைவிட நான்கு கிலோ சீனி அதிகம் உதவியது.

5. இறுதிக்கிரியை நாள்: பாங்சுகூலம்

பிக்குமார் வீட்டுக்கு வந்து நடத்தும் பாங்சுகூல நிகழ்வே இந்த நாளின் மையம். முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. வருபவர்களின் எண்ணிக்கைக்கேற்ப வெள்ளை விரிப்பிட்ட கதிரைகள், தைக்காத புதிய வெள்ளைத் துணி ஒன்று, ஒரு பாய், நீர் நிறைந்த கெண்டி அல்லது செம்பு, ஒரு கோப்பை, அதன் அடியில் வைக்க ஒரு தட்டு, ஒவ்வொரு பிக்குவுக்கும் கொடுக்க, பிரிகரம் எனப்படும் பயன்பாட்டுப் பொருட்கள் அடங்கிய சிறு பொதி ஆகியவை போதும். துணியின் அளவை விகாரையிலேயே கேளுங்கள். கடையில் கிடைக்கும் கைக்குட்டை போன்ற மெல்லிய துணி எதற்கும் பயன்படாது, பிக்குமார் உடுத்தும் சீவரத்துக்கோ விகாரைத் தேவைக்கோ எடுக்கத்தக்க பருத்தித் துணியாக இருக்கட்டும்.

பிக்குமாரை அழைத்துவரவும் கொண்டுபோய் விடவும் வாகனத்துக்கு ஒழுங்கு செய்வது வீட்டாரின் பொறுப்பு. அவர்கள் பேருந்தில் வருவார்கள் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். வந்து அமர்ந்ததும் கூடியிருப்போர் பஞ்சசீலம் பெறுவார்கள். பிறகு வெள்ளைத் துணியைப் பாயில் விரித்தோ கைகளில் ஏந்தியோ குடும்பத்தார் அனைவரும் தொட்டுக்கொண்டு, மூத்த பிக்கு சொல்லித் தர, ‘இமங் மதகவத்தங் பிக்கு சங்கஸ்ஸ தேம’ என்று மூன்று முறை சொல்வார்கள். இறந்தவர் நினைவாக இந்தத் துணியைச் சங்கத்துக்கு அளிக்கிறோம் என்பது அதன் பொருள். ‘அனிச்சா வத சங்காரா’ என்று தொடங்கும் பாளி வரிகளை ஓதிக்கொண்டே பிக்குமார் அந்தத் துணியை ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்து வருவது நீர் வார்த்தல். கோப்பையைத் தட்டின் மேல் வைத்து, நெருங்கிய உறவினர்கள் பாயில் அமர்ந்து, ஒரே கெண்டியை எல்லோரும் பிடித்தபடி மெல்ல நீரை ஊற்ற வேண்டும். கை எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டுக்கொள்வார்கள். ஓதல் முடியும்வரை நீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், கோப்பை நிறைந்து தட்டில் வழிய வேண்டும். ஆறுகள் நிறைந்து கடலை நிறைப்பதுபோல இங்கே கொடுக்கப்படுவது இறந்தவரைச் சென்று சேர்கிறது என்பதே அப்போது ஓதப்படும் ‘யதா வாரிவஹா பூரா’ என்ற வரிகளின் கருத்து. கோப்பை சிறிதாகவும் கெண்டி பெரிதாகவும் இருக்கட்டும். எங்கள் வீட்டில் யாரோ பெரிய பித்தளைக் குவளையைக் கொண்டுவந்து வைத்துவிட, நீர் முடிந்தும் அது நிறையவில்லை, ஒரு பிள்ளை கிணற்றடிக்கு ஓட வேண்டியதாயிற்று.

‘இதங் மே ஞாதீனங் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ’ என்று மூன்று முறை சொல்லி, இந்தப் புண்ணியம் நம் உறவினரைச் சேரட்டும், அவர்கள் நலமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட பின், ஒரு பிக்கு சுருக்கமாக உபதேசம் செய்வார். வேற்றுச் சமயத்து மருமகன் அல்லது மருமகள் பாயில் அமர்ந்து கெண்டியைத் தொடலாமா என்று தயங்க வேண்டாம். மனைவியின் பெரியம்மா என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார், பிக்குவும் எதுவும் சொல்லவில்லை. விருப்பமில்லாதவர்கள் பின்னால் கைகூப்பி நின்றாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே பெட்டியை மூடி வெளியே எடுப்பார்கள். கிராமத்துச் சுடலையில் விறகுச் சிதை என்றால், உடலைச் சிதையைச் சுற்றி மூன்று முறை கொண்டுவந்து ஏற்றியபின், மகனோ மருமகனோ சகோதரி பிள்ளையோ, பெரும்பாலும் இருவர், பின்புறமாகத் திரும்பி நின்று தீ வைப்பார்கள். அவர்கள் யார் என்பதை முந்திய நாளே தீர்மானித்துவிடுங்கள். சுடலையிலிருந்து திரும்பியவர்களுக்கு அயலவர்கள் சமைத்த சோறு பரிமாறப்படும், அத்துடன் அன்றைய நாள் முடியும். சாம்பலை எப்போது பெற்றுக்கொள்ளலாம் என்பதைத் தகனசாலைப் பொறுப்பாளரிடம் கேட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

6. ஆறாம் நாள் இரவு: பண உபதேசம்

ஏழு நாட்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். எங்கள் வீட்டில் மரண நாளையே முதல் நாளாகக் கொண்டார்கள். மரணம் ஞாயிறு விடியற்காலை. செவ்வாயைத் தவிர்த்துப் புதன் மாலை தகனம். வெள்ளி ஆறாம் நாள் என்பதால் அன்று இரவு பண, சனிக்கிழமை நண்பகலுக்குள் தானம். அதாவது, தகனம் முடிந்து வியாழன் ஒரு நாளே இடையில் கிடைத்தது. நீங்களும் முதல் நாளே இப்படி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், வெளியூர் உறவினர்களின் பயணமும் விடுமுறையும் சிக்கலின்றி அமையும்.

பண உபதேசத்துக்கு ஒரு பிக்கு வந்தால் போதும். மாலை ஏழு மணியளவில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்கும். வெள்ளை விரிப்பிட்ட உயர்ந்த ஆசனம் ஒன்றும், கேட்பவர்களுக்குத் தரையில் பாய்களும் தேவை. நண்பகலுக்குப் பிறகு பிக்குமார் திட உணவு கொள்வதில்லை, பால் கலந்த தேநீரும் கொடுக்கக் கூடாது. வெறும் தேநீர், கொத்தமல்லிக் கஷாயம், வடிகட்டிய பழச்சாறு, சீனி அல்லது வெல்லம் போன்றவற்றைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். விருந்தினருக்குச் செய்த பால் தேநீரையே அவர் முன்னும் வைத்துவிடுவது புதியவர்களின் வீடுகளில் அடிக்கடி நேர்கிறது.

7. ஏழாம் நாள் தானம்

சங்கத்துக்குரிய தானமாக அமைய, குறைந்தது நான்கு பிக்குமார் தேவை. ஐந்தோ பத்தோ அழைப்பது வீட்டின் வசதியையும் விகாரையின் வசதியையும் பொறுத்தது. எண்ணிக்கையைக் கூட்டுவதில் பெருமை எதுவும் இல்லை. நாங்கள் ஐந்து பிக்குமாரையும் அறுபது விருந்தினரையும் கணக்கிட்டு ஏழு கிலோ அரிசி சமைத்தோம், சற்று மிஞ்சியது.

சமையலை வீட்டில் செய்தாலும் வெளியே கொடுத்தாலும், உணவு காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். நாங்கள் பேசியிருந்த சமையல்காரர் பத்தே முக்கால் வரை வந்து சேரவில்லை, நல்லவேளையாக அயலவர்கள் தனித்தனியே கொண்டுவந்த கறிகள் இருந்தன. நண்பகல் என்பது பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடத் தொடங்கும் நேரமல்ல, அதற்குள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். அன்றைய நேரத்தைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் விளங்கும். பதினொன்று ஐம்பதுக்கு முடிய, பதினொன்றேகாலுக்குத் தொடங்க வேண்டும். பஞ்சசீலம், புத்த பூஜை, தானத்தைச் சங்கத்துக்கு ஒப்புக்கொடுக்கும் வாசகம் ஆகியவற்றுக்கு அரை மணி நேரம் வேண்டும். ஆகவே பிக்குமார் பத்து நாற்பத்தைந்துக்கு வீட்டில் இருக்க வேண்டும், வாகனம் பத்து மணிக்கே விகாரைக்குப் போக வேண்டும். அழைத்துவரும் சாரதியிடம் இந்தக் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

சங்கத் தானம் என்றால், புத்தரின் தாது வைத்த கரண்டுவ என்னும் பேழையை வெண்குடையின் கீழ் ஒருவர் தலையில் தாங்கி முன்னே வர, மேளக்காரர்களும் வரலாம். அதற்கென வெள்ளைத் துணியும் பூவும் இட்ட உயர்ந்த மேசை ஒன்றைத் தனியாக அமையுங்கள். வாசலில் ஒருவர் நீர் வார்த்து ஒவ்வொரு பிக்குவின் கால்களையும் கழுவ, மற்றொருவர் துவாலையால் துடைப்பார். அங்கிருந்து ஆசனம் வரை வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருக்கும், அதை மற்றவர்கள் மிதிக்கக் கூடாது.

சமைத்த எல்லாவற்றிலும் சிறிது சிறிதாக எடுத்துச் சிறு கிண்ணங்களில் முதலில் புத்தருக்குப் படைக்க வேண்டும். அதற்கு முன் யாரும் ருசி பார்ப்பதில்லை. உப்புப் பார்க்கும் பழக்கம் உள்ள சமையல்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். படைக்கும் பூவை மோந்து பார்ப்பதும் கூடாது. பிறகு ‘இமங் பிக்கங் சபரிக்காரங் பிக்கு சங்கஸ்ஸ தேம’ என்று மூன்று முறை சொல்லி, முதல் பாத்திரத்தை மூத்த பிக்குவின் கையில் இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். அதன் பின் பரிமாறுபவர்கள் வரிசையாகச் செல்வார்கள். போதுமென்றால் பிக்கு பாத்திரத்தின் மேல் கையை வைத்துக் காட்டுவார், வற்புறுத்த வேண்டாம். பெண்கள் பரிமாறலாம், பொருள் கொடுக்கலாம், கை படாமல் தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம்.

மீனும் கோழியும் பல வீடுகளில் பரிமாறப்படுகின்றன, மரக்கறி மட்டும் சமைக்கும் வீடுகளும் உண்டு. மாட்டிறைச்சியை அறவே தவிருங்கள். முடிவில் தயிரும் கித்துள் பாணியும் பழமும், அதன்பின் வெற்றிலையும் வைப்பார்கள்.

உணவுக்குப் பின் பிரிகரப் பொருட்களை ஒப்படைக்க வேண்டும். மூத்த பிக்குவுக்கு அட்டபிரிகரம், மற்றவர்களுக்குச் சிறு பொதிகள் என்பது பொதுவான ஒழுங்கு. அட்டபிரிகரம் என்பது மூன்று சீவரங்கள், பிட்சா பாத்திரம், இடுப்புப் பட்டி, சவரக்கத்தி, ஊசி நூல், நீர் வடிகட்டி ஆகிய எட்டும் சேர்ந்தது. கடைகளில் கண்ணாடித் தாளில் சுற்றித் தயாராகக் கிடைக்கும் பொதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றின் சீவரம் உடுத்த முடியாத அளவு சிறியதாகவும் மெல்லியதாகவும் இருக்கும், விகாரைகளின் அலுமாரிகளில் அவை பிரிக்கப்படாமலே குவிந்து கிடக்கின்றன. விகாரையில் எது தேவை என்று வெளிப்படையாகக் கேட்கலாம். எங்களிடம் விகாராதிபதி இளம் பிக்குமாருக்குப் பாடசாலைக் கொப்பிகளும் இரண்டு குடைகளும் கேட்டார், செலவும் குறைந்தது.

தானத்துக்கு வரும் விருந்தினரும் வெள்ளை உடுத்துவார்கள். துவாலை, சவர்க்காரம், தேயிலை, சீனி போன்ற பிரிகரப் பொருள் ஒன்றையோ, வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டு ஒரு கறியையோ கொண்டு வரலாம். கறி கொண்டு வருபவர்கள் பத்து மணிக்கு முன் வந்துவிட வேண்டும், பிக்குமார் அமர்ந்த பிறகு வரும் கறி தானத்தில் சேராது. பொருட்கள் கொடுத்து முடிந்ததும், பாங்சுகூலத்தில் போலவே மீண்டும் நீர் வார்த்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் புண்ணியத்தை அர்ப்பணிப்பார்கள். பிக்குமார் புறப்பட்ட பின்னரே மற்றவர்கள் சாப்பிட அமர வேண்டும். பசித்திருக்கும் சிறு பிள்ளைகளுக்குக் காலையிலேயே நன்றாக ஊட்டிவிடுங்கள்.

8. மூன்றாம் மாதமும் ஒரு வருடமும்

மூன்றாம் மாத தானத்தை மூன்று மாதம் நிறைவடைவதற்குச் சற்று முன்பாகவே வைத்துக்கொள்கிறார்கள், வார இறுதி பார்த்து நாளைத் தெரிவு செய்யலாம். ஒழுங்கு ஏழாம் நாள் போன்றதே. சிலர் முந்திய இரவு பிரித் எனப்படும் பாதுகாப்புச் சூத்திரங்களை ஓதுவிக்கிறார்கள். அதற்குப் பிரித் மண்டபம் கட்டுவதும், இரவு முழுவதும் முறைமாறி ஓதுபவர்களை அழைப்பதும் செலவைப் பல மடங்காக்கும் என்பதால், வசதி பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டில் செய்ய இயலாதவர்கள் விகாரைக்கே உணவைக் கொண்டு சென்று கொடுக்கலாம், முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் உணவு கொடுப்பவர்களும் உண்டு.

நாள் பேசும்போது விகாரையின் நாட்காட்டியைக் கவனியுங்கள். ஜூலைப் பௌர்ணமியை அடுத்துத் தொடங்கும், பிக்குமாரின் மழைக்காலத் தங்கலான வஸ் காலத்தில் பிக்குமார் இரவில் தங்கள் விகாரையிலேயே இருக்க வேண்டியவர்கள் என்பதால், தூர ஊர்களுக்கு அழைப்பது கடினம். அது முடிந்ததும் வரும், ‘கடின’ என்னும் சீவர பூஜை நடக்கும் மாதத்தில் வார இறுதிகள் எல்லாம் முன்பதிவாகிவிடும். உங்கள் மூன்றாம் மாதமோ ஆண்டு நிறைவோ அக்டோபர், நவம்பரில் விழுமானால், ஏழாம் நாள் தானம் முடிந்து பிக்குமாரை விகாரையில் கொண்டுபோய் விடும்போதே அந்த நாளைச் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள்.